மூன்று லொறிக்காரர், மூன்று விலை: எதை எதோடு ஒப்பிடுவது?

*"ஐயா, புதுக்குடியிருப்புப் பக்கத்தில் எங்கள் சங்கத்தில் 43 குடும்பம் கச்சான் செய்கிறோம். போன மாசியில் 360 மூட்டை கோதுக் கச்சானைக் கொழும்பில் ஒருவருக்கு விற்றோம். ஒரு மூட்டை 35 கிலோ. நான்தான் செயலாளர். மூன்று பேருக்கு ரெலிபோன் எடுத்து விலை கேட்டேன். ஒருவர் ஐந்து தொன் லொறி, ஒரு நடை 78,000 ரூபா என்றார். அடுத்தவர் கிலோவுக்கு 22 ரூபா என்றார். ஒரு போக்குவரத்துக் கொம்பனி பெரிய லொறி 120,000 ரூபா, வற் வரி தனி என்றது. குறைந்த விலைக்காரருக்குக் கொடுத்தேன். மூன்று நடையில் முடியும் என்று நினைத்தது நான்கு நடையாகி, கூலியும் காத்திருப்புக் காசும் சேர்ந்து மூன்றரை இலட்சத்தைத் தாண்டிவிட்டது. நான் கொமிசன் வாங்கியதாகச் சிலர் கதைக்கிறார்கள். இந்த முறை எழுத்தில் விலை கேட்கச் சொல்கிறார்கள். குறைந்த விலைக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா? ஒருவருடைய விலையை மற்றவருக்குக் காட்டிக் குறைக்கலாமா? கிலோ விலை சொன்னவர் என் அத்தானின் தம்பி. அவரைக் கேட்காமல் விடுவதா? கணக்குத் தாளை இணைத்திருக்கிறேன்."*
*— செயலாளர், முல்லைத்தீவு மாவட்டம்*

அன்புள்ள சகோதரிக்கு,

கணக்குத் தாளை இரண்டு தடவை பார்த்தேன். நீங்கள் யாரிடமும் கொமிசன் வாங்கவில்லை என்பதை அந்தத் தாளே சொல்கிறது. ஒவ்வொரு ரூபாவுக்கும் திகதியும் ஆளும் எழுதியிருக்கிறீர்கள். அதே தாள் இன்னொன்றையும் சொல்கிறது. அந்த லொறிக்காரர் உங்களை ஏமாற்றியதாக நீங்கள் நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. அப்படி நடக்கவில்லை. நீங்கள் கேட்ட கேள்விக்கு அவர் சரியான பதில்தான் தந்தார். பிழை கேள்வியில் இருந்தது.

360 மூட்டையை 35 ஆல் பெருக்கினால் 12,600 கிலோ. ஐந்து தொன் லொறிக்கு இரண்டரை நடை, ஆகவே மூன்று நடை போதும் என்று நீங்களும் கணக்குப் பார்த்தீர்கள், அவரும் பார்த்தார். அரிசியோ நெல்லோ என்றால் அந்தக் கணக்கு சரியாக வந்திருக்கும். கச்சானுக்கு வராது.

நிறை முடியும் முன் இடம் முடிந்துவிடும்

கோதுக் கச்சான் காற்றைச் சுமக்கிற பொருள். கோதுக்குள் பாதி வெறுமை, கோதுக்கும் கோதுக்கும் இடையில் இன்னும் வெறுமை. உங்கள் 35 கிலோ கச்சான் போன அதே சாக்கில் நெல்லைக் கொட்டிப் பாருங்கள், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு நிறை பிடிக்கும். அதனால் ஐந்து தொன் தாங்கும் லொறியில் நான்கு தொன் ஏறுவதற்கு முன்பே பெட்டி நிறைந்துவிடுகிறது. உங்கள் தாளில் முதல் மூன்று நடையிலும் 105, 105, 105 என்று எழுதியிருக்கிறது. 105 மூட்டை என்றால் 3,675 கிலோதான். நான்காவது நடையில் மிச்சம் 45 மூட்டைக்காக ஒரு முழு லொறி கொழும்புக்குப் போய் வந்திருக்கிறது. உங்கள் காசு போன இடம் அது.

வவுனியாவில் ஒரு களஞ்சியத்துக்குக் கொள்முதல் பார்த்த காலத்தில் நானும் இதே குழியில் விழுந்தேன். வெறும் பிளாஸ்ரிக் தண்ணீர்ப் பரல்கள் வரவேண்டியிருந்தது. நிறையைச் சொல்லி விலை கேட்டேன், மிகக் குறைந்த விலை வந்தது, மனம் குளிர்ந்தது. லொறி வந்தபோது பரல்களில் மூன்றில் ஒன்றுதான் அதில் இருந்தது. அன்றிலிருந்து எந்தப் பொருளுக்கு விலை கேட்டாலும் நிறையோடு அதன் அளவையும் எழுதாமல் விடுவதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. நிரப்பித் தைத்த ஒரு மூட்டையைப் படுக்க வைத்து, நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளவு நாடாவால் அளந்து கடிதத்தில் எழுதுங்கள். அதோடு "பதினாலரை அடிப் பெட்டியில் போன முறை 105 மூட்டை ஏறியது" என்ற ஒரு வரியையும் சேருங்கள். லொறிக்காரருக்கு எந்தச் சூத்திரத்தையும்விட அந்த வரி தெளிவாகப் பேசும்.

கடிதத்தில் எழுத வேண்டியவை

விலைமனுக் கோரல் என்றதும் பலர் இரண்டு வரி எழுதுவார்கள்: "கொழும்புக்குக் கச்சான் ஏற்ற விலை தரவும்." அதற்கு வருகிற மூன்று பதிலும் மூன்று திசையில் நிற்கும். ஒருவர் நடைக் கணக்கில் சொல்வார், ஒருவர் கிலோக் கணக்கில், ஒருவர் எல்லாம் சேர்த்து. ஒப்பிடுகிற வேலை விலை வந்த பிறகு தொடங்குவதில்லை. கடிதத்தை எழுதும்போதே அதில் பாதி முடிந்திருக்க வேண்டும். எல்லோரும் ஒரே கட்டங்களை நிரப்பித் தரும்படி நீங்களே கட்டம் போட்டுக் கொடுங்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

> எமது சங்கத்தின் களஞ்சியத்திலிருந்து கொழும்பில் கொள்வனவாளரின் களஞ்சியம் வரை, உலர்ந்த கோதுக் கச்சான் 300 தொடக்கம் 360 மூட்டை வரை ஏற்றி இறக்க விலை கோருகிறோம். மூட்டை ஒன்று 35 கிலோ, அளவு கீழே. ஏற்றும் காலம் மாசி 5 தொடக்கம் 20 வரை. அதற்குள் எந்த நாள் என்று நீங்கள் சொல்லலாம், இரண்டு நாள் முன்னறிவித்தல் வேண்டும். களஞ்சியத்துக்கு வரும் பாதை கிரவல் றோட்டு, வழியில் ஒரு மதகு. பெரிய லொறி உள்ளே வராவிட்டால் தார் றோட்டு வரை நாங்கள் ட்ராக்டரில் கொண்டுவந்து தருவோம்.
>
> பின்வருவனவற்றைத் தனித்தனியே எழுதவும்: லொறிப் பெட்டியின் நீள, அகல, உயரம்; ஒரு நடையில் ஏற்றும் மூட்டை எண்ணிக்கை; ஒரு நடைக்கான வாடகை; ஆகக் குறைந்த அறவீடு உண்டா; ஏற்றுகூலி; இறக்குகூலி; காத்திருப்புக் கட்டணம் எத்தனை மணித்தியாலத்துக்குப் பிறகு, எவ்வளவு; வற் வரி சேர்த்தா, சேர்க்காமலா; மூட்டை குறைந்தால் அல்லது நனைந்தால் பொறுப்பு யாருடையது; விலை எந்தத் திகதி வரை செல்லும்.

இதில் இரண்டு இடத்தை விளக்க வேண்டும்.

முதலாவது, ஏற்றும் நாளை அவர்களே சொல்லலாம் என்று விட்டது. கொழும்பிலிருந்து வன்னிக்குச் சீமெந்தும் சீனியும் மாவும் ஏற்றிவருகிற லொறிகள் பல, திரும்பிப் போகும்போது வெறுமையாகப் போகின்றன. உங்கள் சரக்கு அவர்களுடைய திரும்பல் நடையில் ஏறினால், வெறும் லொறியை உங்களுக்காக மட்டும் அனுப்புகிற செலவு அவர்களுக்கு இல்லை. "பத்தாம் திகதி காலை ஆறு மணிக்கு வர வேண்டும்" என்று இறுக்கினால் அந்த வாய்ப்பை நீங்களே மூடிவிடுகிறீர்கள். கச்சான் உலர்ந்து சாக்கில் இருக்கிறது, மரக்கறி போல ஒரு நாளில் வாடாது. இரண்டு கிழமை இடைவெளி கொடுக்கக்கூடிய சரக்கு உங்களுடையது. ஆனால் திரும்பல் லொறியில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. முன்பு ஏற்றியது என்ன என்று கேளுங்கள். பசளையோ கருவாடோ மண்ணெண்ணெயோ ஏற்றிய பெட்டியில் கச்சானைப் போட்டால் அந்த மணம் ஏறிவிடும், கொள்வனவாளர் திருப்பி அனுப்புவார். பெட்டி கூட்டித் துடைத்து உலர்ந்திருக்க வேண்டும், திறந்த லொறி என்றால் ஓட்டையில்லாத படங்கு இரண்டு இருக்க வேண்டும் என்று கடிதத்திலேயே எழுதுங்கள். மழை நனைத்த கச்சானில் பூஞ்சை பிடித்தால் அஃப்லாடொக்சின் என்ற நஞ்சு உண்டாகிறது. வறுத்தாலும் அது முற்றாகப் போகாது. அதனால் ஒரு மூட்டை நனைந்தால் இழப்பு அந்த ஒரு மூட்டையோடு நிற்காமல் போகலாம்.

இரண்டாவது, பொறுப்பு. "லொறிக்கு ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கிறது" என்று எல்லோரும் சொல்வார்கள், உங்கள் உறுப்பினர்களும் அதைக் கேட்டு ஆறுதல் அடைவார்கள். அந்தக் காப்புறுதி வாகனத்துக்கு. லொறி குடைசாய்ந்தால் லொறிக்குக் காசு வரும், உங்கள் கச்சானுக்கு வராது. ஏற்றிய சரக்குக்கான காப்புறுதி வேறு பத்திரம். இருக்கிறதா, ஒரு நடைக்கு எவ்வளவு தொகை வரை என்று கேட்டுப் பிரதியைப் பார்க்க வேண்டும். சிறிய லொறிக்காரர் பெரும்பாலும் வைத்திருக்க மாட்டார். அதற்காக அவரைத் தள்ளிவிட வேண்டாம். குறைந்த மூட்டைக்குக் கொள்வனவாளர் தரும் விலையைக் கணக்கிட்டு வாடகையில் கழிக்கச் சம்மதம் என்று எழுதித் தந்தால் போதும். ஏற்றும்போது மூட்டையை எண்ணி, சாரதியும் உங்கள் ஆளும் ஒரே தாளில் கையெழுத்து வையுங்கள். கொழும்பில் இறக்கும்போதும் அதே தாளில் எண்ணிக்கை. இந்தத் தாள் இல்லாமல் பொறுப்பைப் பற்றி எழுதிய எந்த வரியும் நிற்காது.

மூன்று விலையையும் ஒரே தரையில் நிறுத்துதல்

போன முறை வந்த மூன்று விலையையே எடுப்போம். உங்கள் தாளில் உள்ளபடி ஊரில் ஏற்றுகூலி மூட்டைக்கு 40 ரூபா, கொழும்பில் நாட்டாமைக் கூலி 50 ரூபா. தாளில் இல்லாதவற்றுக்கு நான் ஒரு பதிலை வைத்துக்கொள்கிறேன், முறை விளங்குவதற்காக.

முதலாமவர் நடைக்கு 78,000. நான்கு நடைக்கு 312,000. ஏற்றுகூலியும் இறக்குகூலியும் உங்களுடையது, மூட்டைக்கு 90 படி 360 மூட்டைக்கு 32,400. கொழும்பில் இரண்டு தடவை லொறி ஒரு நாள் காத்திருந்தது, நாளுக்கு 5,000 படி 10,000. மொத்தம் 354,400. இது நீங்கள் உண்மையில் கட்டிய தொகை.

உங்கள் அத்தானின் தம்பி கிலோவுக்கு 22 ரூபா. 12,600 கிலோவுக்கு 277,200 என்று கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கிலோ விலை சொல்கிற எவருக்கும் மனதில் ஒரு ஆகக் குறைந்த நிறை இருக்கும். பெட்டி நிறைந்தும் நிறை வராத சரக்கை அவர் நட்டத்தில் ஏற்றமாட்டார். ஒரு நடைக்குக் குறைந்தது 4,000 கிலோவுக்குக் காசு என்று அவர் பிறகு சொல்லியிருப்பார் என்று வைத்துக்கொள்வோம். லொறியும் முதலாமவருடைய அளவுதான். அப்படியென்றால் ஒரு நடை 88,000, நான்கு நடை 352,000. இறக்குகூலியும் காத்திருப்பும் அவருடையது, ஏற்றுகூலி 14,400 உங்களுடையது. மொத்தம் 366,400.

கொம்பனியின் இருபது அடி மூடிய லொறியில் 180 மூட்டை ஏறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நடை 240,000. அதன்மேல் வற் வரி, இப்போது 18 சதவீதம், 43,200. வற் பதிவுள்ள வியாபாரி அந்த வரியைத் தன் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். உங்கள் சங்கம் பதிவில்லாதது என்றால் அது முழுவதும் உங்கள் செலவு, ஆகவே சேர்த்தே ஒப்பிட வேண்டும். 283,200. பெரிய லொறி மதகைத் தாண்டாவிட்டால் ட்ராக்டர் செலவு, ஒரு லொறிக்கு 8,000 படி 16,000. களஞ்சியத்தில் ட்ராக்டருக்கு ஏற்றுகூலி 14,400. ட்ராக்டரிலிருந்து லொறிக்கு மாற்றுவதும், கொழும்பில் இறக்குவதும், ஒரு நாள் காத்திருப்பும் அவர்கள் விலைக்குள் என்று கொள்வோம். மொத்தம் 313,600.

மூட்டைக் கணக்கில் பிரித்தால் முதலாமவர் 984 ரூபா, உங்கள் உறவினர் 1,018 ரூபா, கொம்பனி 871 ரூபா. ரெலிபோனில் மிக விலை கூடியதாகக் கேட்டது கடைசியில் மிகக் குறைந்ததாக வருகிறது. 78,000 ஐயும் 120,000 ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, 105 மூட்டைக்கான விலையை 180 மூட்டைக்கான விலையோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள்.

இதோடு நிறுத்தி, இனிக் கொம்பனிக்கே கொடுங்கள் என்று நான் சொன்னால் உங்களுக்குத் தீங்கு செய்தவனாவேன். இதே கணக்கை 300 மூட்டைக்குப் போடுங்கள். முதலாமவருக்கு இப்போது மூன்று நடை போதும்: 234,000, கூலி 27,000, காத்திருப்பு 10,000, மொத்தம் 271,000. உங்கள் உறவினருக்கு மூன்று நடை 264,000, ஏற்றுகூலி 12,000, மொத்தம் 276,000. கொம்பனிக்கு அப்போதும் இரண்டு நடைதான், இரண்டாவது லொறியில் மூன்றில் இரண்டு பங்குதான் நிறையும்: 283,200, ட்ராக்டர் 16,000, ஏற்றுகூலி 12,000, மொத்தம் 311,200. வரிசை மாறி, கொம்பனி கடைசிக்குப் போய்விட்டது. சிறிய லொறிக்கு எல்லை 315 மூட்டை. அதற்கு ஒரு மூட்டை கூடினாலும் நான்காவது நடை வருகிறது.

ஆகவே விலைகளைத் திறக்கும் முன் உங்களுக்குத் தெரியவேண்டியது இந்த முறை எத்தனை மூட்டை வரும் என்பது. மழை எப்படிப் பெய்தது, யார் யார் தனியாரிடம் முன்பே விற்றுவிட்டார்கள் என்பதைக் கேட்டு ஒரு கீழ் எண்ணும் ஒரு மேல் எண்ணும் எடுங்கள். இரண்டுக்கும் கணக்குப் போடுங்கள். இரண்டிலும் ஒருவரே குறைவாக வந்தால் முடிவு தெளிவு. மாறி வந்தால், மூட்டைகள் களஞ்சியத்துக்கு வந்து எண்ணி முடியும் வரை முடிவை வைத்திருங்கள். விலை செல்லும் திகதியைக் கடிதத்தில் கேட்கச் சொன்னது அதற்காகத்தான்.

தரத்துக்கு இத்தனை புள்ளி, அனுபவத்துக்கு இத்தனை புள்ளி என்று புள்ளித் திட்டம் போடச் சொல்லி உங்களுக்கு யாராவது ஆலோசனை தரலாம். 360 மூட்டைக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. புள்ளி போடுகிற இடத்தில்தான் சந்தேகமும் புகுந்துகொள்கிறது. கட்டாய நிபந்தனைகளை முதலில் பாருங்கள்: வாகன வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் செல்லுபடியாக உள்ளதா, பெட்டி அல்லது படங்கு சரியா, இழப்புக்கு எழுத்தில் பொறுப்பேற்கிறாரா. ஆம் அல்லது இல்லை. ஆம் என்றவர்களுக்குள் மொத்தச் செலவு குறைந்தவருக்கு வேலை.

டீசல் ஏறினால்

எரிபொருள் விலை நம் நாட்டில் வழமையாக மாத முடிவில் திருத்தப்படுகிறது. தையில் விலை தந்தவர் மாசியில் "டீசல் ஏறிவிட்டது அக்கா" என்று வந்து நிற்பார். 2022 மார்ச் தொடக்கத்தில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த ஒட்டோ டீசல் அந்த யூன் முடிவில் 460 ரூபாவானதை மறந்தவர் எந்த லொறிக்காரரும் இல்லை. அவர்களுடைய பயம் நியாயமானது. அதற்கு இடம் கொடாமல் "விலை மாறாது" என்று எழுதினால், அந்தப் பயத்தையும் கூட்டித்தான் விலை தருவார்கள்.

ஏற்றத்துக்கு ஒரு விதியை நீங்களே எழுதிவிடுங்கள். ஒட்டுசுட்டான், மாங்குளம் வழியாக ஏ-9 பிடித்துக் கொழும்பு போய்வர 680 கிலோமீற்றர் என்றும், அந்த லொறி லீற்றருக்கு 5 கிலோமீற்றர் ஓடும் என்றும் வைத்தால் ஒரு நடைக்கு 136 லீற்றர். விலை திறந்த நாளிலிருந்து டீசல் 20 ரூபா ஏறினால் ஒரு நடைக்கு 2,720 ரூபா கூட்டிக் கொடுப்பது. இறங்கினால் அதே கணக்கில் குறைப்பது. இப்படி எழுதாவிட்டால் என்ன நடக்கும் என்று பாருங்கள். டீசல் 300 இலிருந்து 320 ஆனால் ஏழு சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. லொறிக்காரர் அதே சதவீதத்தை முழு வாடகையிலும் ஏற்றி 5,200 ரூபா கேட்பார். அவருடைய வாடகையில் டீசல் கிட்டத்தட்டப் பாதிதான். சாரதியின் சம்பளமும் டயரும் லீசிங் தவணையும் டீசலோடு ஏறவில்லை. ஒரு நடைக்கு எத்தனை லீற்றர் என்பதைக் கடிதத்தில் அவர்களையே எழுதக் கேளுங்கள், பெரிய லொறி சிறியதைவிடக் கூடக் குடிக்கும்.

குறைந்த விலை, காட்டிக் குறைத்தல், உறவு

குறைந்த விலைக்குத்தான் கொடுக்க வேண்டும் என்ற சட்டம் தனிப்பட்ட சங்கத்துக்கு இல்லை. உங்கள் உபவிதியில் கொள்முதல் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் அது கட்டுப்படுத்தும். ஏதாவது நிறுவனத்தின் நிதியில் ஏற்றுவதாக இருந்தால் அவர்கள் தந்த நிபந்தனையும் கட்டுப்படுத்தும். அரச கொள்முதலில்கூட எழுதியிருப்பது வெறும் குறைந்த விலை அல்ல, மதிப்பிட்டபின் குறைந்து வருகிற, நிபந்தனைக்குப் பொருந்திய விலை. மேலே நாம் போட்ட கணக்குத்தான் அந்த மதிப்பீடு.

ஒருவருடைய விலையை மற்றவருக்குக் காட்ட வேண்டாம். சட்டத்தைவிட இது ஊர்ச் சங்கதி. முதல் வருடம் 5,000 ரூபா குறையும். அடுத்த வருடம் எல்லோருக்கும் தெரிந்திருக்கும், முதல் கடிதத்தில் யாரும் உண்மை விலை எழுதமாட்டார்கள், நீங்கள் காட்டுவதற்கென்று கூட்டி எழுதுவார்கள். புதுக்குடியிருப்பிலிருந்து கொழும்புக்கு ஓடுகிற லொறிக்காரர் ஒருவரையொருவர் அறியாதவர்கள் அல்லர். ஒருவர் ஏதாவது விளக்கம் கேட்டால், அவருடைய பெயரைச் சொல்லாமல் கேள்வியையும் பதிலையும் எல்லோருக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். வட்ஸ்அப் போதும். ஆனால் விலையை மட்டும் ஒட்டிய கடித உறையில் வாங்குங்கள். வட்ஸ்அப்பில் வந்த விலையை நீங்கள் முன்பே பார்த்துவிட்டீர்கள் என்ற பேச்சுக்கு உங்களிடம் பதில் இருக்காது. குறித்த நாள், குறித்த நேரம், நிர்வாகக் குழுவில் மூன்று பேர் முன்னிலையில் உறைகளைத் திறந்து, ஒவ்வொன்றிலும் மூவரும் கையெழுத்து வைத்துக் கூட்டக் குறிப்பில் எழுதுங்கள். நேரம் பிந்தி வந்த உறையைத் திறக்காமல் திருப்பிக் கொடுங்கள், அது யாருடையதாக இருந்தாலும்.

உங்கள் அத்தானின் தம்பியைக் கேளுங்கள். உறவு என்பதற்காக ஒரு லொறிக்காரரைத் தள்ளிவிட்டால் அது அவருக்கும் அநியாயம், ஒரு விலையை இழக்கிற சங்கத்துக்கும் நட்டம். ஆனால் கடிதம் அனுப்பும் முன்பே நிர்வாகக் குழுவில் இந்த உறவைச் சொல்லி, அதைக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். உறை திறக்கும்போதும் கணக்குப் போடும்போதும் நீங்கள் அந்த அறையில் இருக்க வேண்டாம், தலைவரோ பொருளாளரோ செய்யட்டும். அவர் வீட்டுக்கு வந்து "என்ன விலை போடலாம் மச்சாள்?" என்று கேட்டால், கடிதத்தில் உள்ளதுக்கு மேல் ஒரு சொல்லும் சொல்லாதீர்கள். அது கடினம் என்று எனக்குத் தெரியும். ஊரில் உறவுக்காரரை வெறுங்கையோடு அனுப்புவது இலேசான காரியம் அல்ல. அதனால்தான் கணக்குப் போடும் இடத்தில் நீங்கள் இல்லாதிருப்பது உங்களுக்கும் பாதுகாப்பு. வேலை அவருக்குப் போனாலும் போகாவிட்டாலும் அது உங்கள் வாயிலிருந்து வந்ததாக இராது.

முடிவானதும், கிடைக்காதவர்களுக்கும் இரண்டு வரி எழுதுங்கள்: வேலை யாருக்குப் போனது, அவர்களுடைய விலை மொத்தக் கணக்கில் எத்தனையாவதாக வந்தது. மற்றவர்களின் விலையை எழுத வேண்டாம். "நாலாவது நடையால் நான் பின்னுக்குப் போனேன்" என்று தெரிந்தவர் அடுத்த முறை நீளப் பெட்டி லொறியோடு வருவார்.

போன வருடக் கணக்கை வைத்துக் கதைப்பவர்களுக்கு, நான் மேலே எழுதிய மூன்று மொத்தத்தையும் ஒரு பெரிய தாளில் எழுதிப் பொதுக் கூட்டத்தில் ஒட்டுங்கள். 105, 105, 105, 45 என்ற நான்கு எண்களையும் பக்கத்தில் எழுதுங்கள். கச்சான் செய்கிறவர்களுக்குச் சாக்குக் கணக்கு விளங்கும். அதற்கு முன், சங்கத்துக்கு வரும் பாதையில் அந்த மதகு இருபது அடி லொறியைத் தாங்குமா என்று பிரதேச சபையில் கேட்டுவிடுங்கள். தாங்கும் என்றால் ட்ராக்டர் செலவு 16,000 ரூபாவும் கணக்கிலிருந்து போய்விடும்.